ஆக்டிவிட்டி ஷெட்யூல் வெறும் தாளாகத் திரும்பி வந்தால்: முதல் வாரத்தைப் போடும் முறை

"எம்.எஸ்சி. முடித்து வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கிளினிக்கில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மனச்சோர்வுக்கு பிஹேவியரல் ஆக்டிவேஷன் செய்யச் சொல்கிறார்கள். வாக்கிங், பாட்டு கேட்பது, தோழியைப் பார்ப்பது என்று ஷெட்யூல் போட்டுக் கொடுக்கிறேன். அடுத்த வாரம் 'முடியல மேடம்' என்று வெறும் தாளோடு வருகிறார்கள். ஒரு வாரத்து ஷெட்யூலை எப்படிப் போடுவது என்று உதாரணத்தோடு சொல்ல முடியுமா?"

நீங்கள் எழுதிக் கொடுத்த மூன்று வேலைகளையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். சிக்கல் அதில்தான் இருக்கிறது. ஷெட்யூல் அவருடைய போன வாரத்திலிருந்து வர வேண்டும். எந்த நேரத்தில் மனசு கனக்கிறது, அப்போது அவர் என்ன செய்கிறார், அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று தெரியாமல் போட்ட ஷெட்யூல் பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரிதான் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன்னால் முடியாதவைதான் கண்ணில் படும்.

பிஹேவியரல் ஆக்டிவேஷன், அதாவது செயலூக்க முறையின் அடிப்படை எளிமையானது. ஓர் இழப்போ நெருக்கடியோ வருகிறது. நிறைவு தந்துகொண்டிருந்த வேலைகளும் மனிதர்களும் குறைகிறார்கள். வலியைத் தள்ளிப்போடும் செய்கைகள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. படுத்துக்கொள்வது, கதவைத் திறக்காமல் இருப்பது, போனை எடுக்காமல் விடுவது எல்லாம் அந்த வகை. பத்து நிமிடம் நிம்மதி கிடைப்பதால் அவை பழகிப்போகின்றன, வாழ்க்கை இன்னும் சுருங்குகிறது. 1970களிலேயே ஃபெர்ஸ்டரும் லெவின்சனும் மனச்சோர்வை இப்படிப் பார்த்தார்கள். 1996இல் ஜேக்கப்சன் குழு, எண்ணங்களையும் செய்கைகளையும் சேர்த்து மாற்றப் பார்க்கும் சி.பி.டி. சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, செயலூக்கப் பகுதி மட்டும் பெற்றவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே தேறினார்கள். நம் நாட்டில் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், உளவியல் பட்டம் இல்லாத ஆலோசகர்களே ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் இதைக் கொடுத்துப் பலன் கண்ட ஆய்வு 2017இல் வெளியானது. மூன்று மாத அனுபவம் போதுமா என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். போன வாரத்தைக் கூர்ந்து கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

ஒருவருடைய கதையை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி பலரைக் கலந்து உருவாக்கிய கதை இது. அவரை அக்கா என்றே சொல்கிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. புது வண்ணாரப்பேட்டையில் ஒரே வாசலுக்குள் ஐந்து குடித்தனம் இருக்கும் வீட்டில் ஒரு போர்ஷன். கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர், தெருவில் நல்ல பேர். இரண்டு தெரு தள்ளி இருந்த அம்மா எட்டு மாதத்துக்கு முன் இறந்தார். அதற்குப் பிறகு ஆர்டர் தேங்க ஆரம்பித்தது. இப்போது பதினான்கு ஜாக்கெட் துணி ஒரு கட்டைப்பையில் கிடக்கிறது. வாடிக்கையாளர்கள் கதவைத் தட்டுகிறார்கள், அக்கா திறப்பதில்லை. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 கேள்வித்தாளில் மதிப்பெண் 27க்கு 17.

ஷெட்யூலுக்குப் போகுமுன் சிலவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்வித்தாளில் சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு அக்கா 'சில நாட்கள்' என்றார். அதனால் நேராகவே கேட்டோம். "அம்மாகிட்ட போய்ச் சேர்ந்துடலாம்னு தோணும். ஆனா எதுவும் பண்ணிக்கணும்னு நினைச்சதில்ல, புள்ளைங்க இருக்குதே" என்றார். திட்டமோ முன்பு முயன்ற வரலாறோ இல்லை. இந்தக் கேள்வியை ஒவ்வொரு வாரமும் திரும்பக் கேட்கிறோம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அக்காவின் போனிலும் மகளின் போனிலும் பதிவு செய்தோம். திட்டம் இருப்பவருக்கு ஷெட்யூல் போட்டு அனுப்பிவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் அளவு மீறிய காலம் எப்போதாவது இருந்ததா என்றும் கேளுங்கள். இருமுனைக் கோளாறு இருந்தால் வழி வேறு. தைராய்டும் ரத்தசோகையும் பரிசோதித்தாயிற்றா என்று பாருங்கள். வீட்டில் அடி உதை உண்டா என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். அடிக்குப் பயந்து ஒதுங்கியிருப்பவரை "ஒதுங்காதீர்கள்" என்று தள்ளுவது ஆபத்து.

முதல் வாரத்தில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. எழுதி வரச் சொன்னோம், அவ்வளவுதான். மணிக்கு மணி கட்டம் போட்ட ஃபாரத்தைக் கொடுத்தால் பாதிப் பேர் திரும்பக் கொண்டுவர மாட்டார்கள். அக்காவிடம் மகனின் பழைய கோடு போட்ட நோட்டு இருந்தது. காலை வேலை முடிந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன், மாலை நாலு மணிக்கு, இரவு படுக்கும் முன் என நாலு வேளை போதும் என்றோம். அந்தந்த நேரம் வரை எந்த மணிக்கு என்ன செய்தார், அப்போது மனசு எவ்வளவு பாரம் என்பதை மட்டும் எழுத வேண்டும். பாரமே இல்லையென்றால் 0, தாங்க முடியவில்லையென்றால் 10. எழுத முடியாத நாளில் போனில் பேசிப் பதிவு செய்தாலும் சரி. அமர்வு முடியுமுன் அன்றைய காலையை நாங்களே சேர்ந்து எழுதிக் காட்டினோம். இதைத் தவறவிடாதீர்கள், வாயால் மட்டும் விளக்கிய வேலை வீட்டில் நடக்காது.

நோட்டு முக்கால்வாசி நிரம்பி வந்தது. அதில் தெரிந்தவை இவை.

காலை ஐந்தரைக்கு எழுந்து அடிபம்பில் தண்ணீர் பிடித்து, டிபன் கட்டி அனுப்பும்வரை பாரம் 6. எட்டரைக்கு எல்லோரும் போனதும் அக்கா பாயை விரிக்கிறார். பன்னிரண்டு வரை படுக்கை, கையில் போன். அந்த நேரம் முழுக்க 8, 9. புதன்கிழமை மட்டும் பத்து மணிக்கு 5 என்று இருந்தது. அன்று பக்கத்துப் போர்ஷன் பெண் ரேஷன் கடைக்குப் போகத் தன் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா இதை ஒரு விஷயமாகவே சொல்லவில்லை. நோட்டில் பார்த்துக் கேட்டபோதுதான் சொன்னார். இப்படி ஒரு 5 எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் உங்கள் வேலை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் கதவைத் தட்டியிருக்கிறார். அக்கா மூச்சு விடாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் போனதும் "அப்பாடா" என்று இருந்தது. ஆறு மணிக்கு 9. அந்த ஆறு மணிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மா தினமும் அந்நேரம் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாராம். வாரம் முழுக்க மாலை ஆறிலிருந்து ஏழு வரை 8க்குக் குறையவில்லை.

ஆக மூன்று இடங்கள். எட்டரை மணிப் பாய், கட்டைப்பை, ஆறு மணி. ஷெட்யூல் இந்த மூன்றின் மேல்தான் நிற்க வேண்டும். இதை அக்காவிடமே நோட்டைக் காட்டிக் கேட்டோம்: "கதவைத் திறக்காம இருந்தது அந்த நிமிஷம் உதவுச்சு. சாயங்காலம் என்ன ஆச்சுக்கா?" அவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். "அவங்க போனதும் இன்னும் பயம்தான் ஜாஸ்தியாச்சு. நாளைக்கும் வருவாங்களேன்னு" என்றார். இந்தச் சுழலை அவர் வாயால் சொன்ன பிறகு நாம் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அடுத்து, அவர் எதை முக்கியமாக நினைக்கிறார் என்று கேட்டோம். தெருவில் "அக்கா கொடுத்தா கரெக்டா இருக்கும்" என்ற பேர், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது, தங்கையோடு பேச்சு. வேலைகளை இவற்றிலிருந்துதான் எடுத்தோம். பாட்டு கேட்பது அவர் பட்டியலிலேயே இல்லை.

அமர்வு செவ்வாய்க்கிழமை. புதன் முதல் போட்ட ஷெட்யூல் இது:

| நாள் | நேரம் | வேலை | எவ்வளவு |
|---|---|---|---|
| புதன் | காலை 8:45 | தெருமுனையில் கீரை வாங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்து ஆய்வது | அரை மணி |
| வியாழன் | காலை 8:45 | வாசற்படியில் காய் நறுக்குவது; பிறகு மெஷின் உறையை எடுத்துத் துடைத்து எண்ணெய் விடுவது, தைக்க வேண்டாம் | அரை மணி; 10 நிமிடம் |
| வெள்ளி | மாலை 6:00 | தங்கைக்குப் போன் | 10 நிமிடம் |
| சனி | காலை 11:00 | மகளோடு கட்டைப்பையைப் பிரித்து, ஒவ்வொரு துணியிலும் பேர் எழுதிய சீட்டைக் குத்துவது | 20 நிமிடம் |
| ஞாயிறு | காலை 7:00 | கணவரோடு காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்குவது; அவர் டியூட்டி என்றால் தெருவில் வரும் மீன்காரம்மாவிடம் | 1 மணி |
| திங்கள் | காலை 10:00 | தைத்து முடித்த ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைப்பது | 25 நிமிடம் |
| செவ்வாய் | காலை 10:00 | கோபப்படாத ஒரு வாடிக்கையாளருக்குப் போன் செய்து தேதி சொல்வது | 5 நிமிடம் |

ஒரு நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இது போதாது என்று உங்களுக்குத் தோன்றும், எனக்குத் தெரியும். காலை ஆறு முதல் இரவு பத்து வரை கட்டங்களை நிரப்பும் கையைக் கட்டிப்போடுங்கள். அக்காவின் நாளில் சமையலும் தண்ணீரும் ஏற்கனவே நிறைய இடத்தைப் பிடித்திருக்கின்றன. நாம் மாற்றப் பார்ப்பது சுழல் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களைத்தான்.

அளவு எல்லாம் நேரத்தில் இருப்பதைக் கவனியுங்கள். "பையை ஒழுங்குபடுத்துங்கள்" என்றால் பதினான்கும் முடிந்தால்தான் வேலை முடிந்தது. "இருபது நிமிடம்" என்றால் மூன்று துணியோடு நின்றாலும் செய்ததுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று வழி இருப்பதும் தற்செயலாக வந்ததில்லை. இன்னொருவர் வந்தால்தான் நடக்கும் என்ற வேலைக்கு அவர் வராவிட்டால் என்ன என்று அப்போதே எழுதிவிட வேண்டும். காசும் பாருங்கள். டிரெய்லர் டிரைவர் வீட்டில் மாதக் கடைசியில் ஆட்டோவுக்குக் கொடுத்துப் பார்க் போகச் சொல்லக் கூடாது.

ஒவ்வொரு வேலைக்கும் "பத்துக்கு எவ்வளவு நிச்சயமா செய்வீங்க?" என்று கேட்டோம். 7க்குக் கீழே சொன்னால் வேலையைச் சிறிதாக்குவோம். வியாழக்கிழமைக்கு முதலில் "ஒரு ஜாக்கெட் வெட்டுவது" என்றுதான் பேசினோம். அக்கா 3 என்றார். அது எண்ணெய் விடுவதாகக் குறைந்ததும் 8 ஆனது. செவ்வாய்க்கிழமைப் போனுக்கு 6 என்றார். அதைக் குறைக்காமல் விட்டோம், என்ன தடுக்கிறது என்று பார்ப்பதற்காக. எல்லாவற்றையும் அப்படி விடக் கூடாது, வாரத்துக்கு ஒன்று போதும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொன்னோம்: "மனசு வந்தா செய்றேன்னு இருக்காதீங்கக்கா. மனசு அப்புறமா வரும். மணி எட்டே முக்காலானா கிளம்பிடுங்க." தோன்றும்வரை காத்திருப்பதுதான் மனச்சோர்வின் பிடி. இந்த முறை செய்கையை முன்னால் வைக்கிறது.

வாரம் இப்படிப் போனது. புதன் நடந்தது, பாரம் 8லிருந்து 7. "ஒண்ணும் பெருசா மாறல மேடம்" என்றார். வியாழன் காய் நறுக்கினார், பிறகு படுத்துவிட்டார், மெஷினைத் தொடவில்லை. வெள்ளி தங்கை போனை எடுக்கவில்லை, ஏழு மணிக்கு 9. சனிக்கிழமை மகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். அக்கா தனியாகவே பையைப் பிரித்தார், நாலு சீட்டுக்கு மேல் முடியவில்லை. அப்போது 9, மதியம் 6. ஞாயிறு கணவர் விடியற்காலைதான் வந்து தூங்கினார். மீன்காரம்மாவிடம் சங்கரா வாங்கி வறுத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். 4. திங்கள் ஒன்றுக்குப் பதில் இரண்டு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்தார். செவ்வாய் போன் செய்யவில்லை.

இந்தத் தாளை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்பதில்தான் அடுத்த வாரம் இருக்கிறது. ஏழில் நாலு என்று மார்க் போடாதீர்கள். "ஏன் செய்யல?" என்று கேட்டால் மன்னிப்புதான் பதிலாக வரும். "அதுக்கு முந்தின நிமிஷம் என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். வியாழக்கிழமை, காய்த்தட்டை உள்ளே வைக்கப் போனபோது பாய் விரித்தபடியே கிடந்திருக்கிறது, உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் மகன் கிளம்பும்போதே பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அக்காவின் மன உறுதியைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமையின் 9 உங்களைப் பயமுறுத்தக் கூடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட ஒன்றைத் தொடும்போது பாரம் முதலில் ஏறும். அன்றே பின்னால் இறங்குகிறதா என்று பாருங்கள். படுக்கையில் இருந்தபோது வந்த 9, நாள் முழுக்க அப்படியே நின்றது. பையைப் பிரித்த 9 மதியத்துக்குள் 6 ஆனது. இரண்டையும் நோட்டில் அருகருகே காட்டினோம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "செஞ்சா இன்னும் மோசமாகுது" என்று அவர் முடிவு கட்டி நின்றுவிடுவார்.

போன் செய்யாததற்கு, "எட்டு மாசமா எங்க போனேன்னு கேட்டா என்ன சொல்றது?" என்பதுதான் தடை. சொல்லத் தெரியாதவரிடம் "அடுத்த வாரம் கண்டிப்பா பண்ணுங்க" என்றால் எதுவும் மாறாது. அங்கேயே ஒத்திகை பார்த்தோம், நான் வாடிக்கையாளர், அவர் அவராகவே. மூன்றாவது தடவை வார்த்தை வந்தது: "அம்மா தவறினதுல இருந்து உடம்பும் மனசும் சரியில்ல. துணி பத்திரமா இருக்கு. சனிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க." அறையை விட்டுப் போகுமுன் அதே வார்த்தையில் ஒரு போன் செய்தார். எதிர்முனையில் "சாப்டியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். அமர்வுக்குள்ளேயே செய்யக்கூடியதை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிதான் எனக்குக் கவலையாக இருந்தது. தங்கை எடுக்காவிட்டால் என்ன என்று நாங்கள் எழுதியிருக்கவில்லை. அடுத்த வாரம் அந்த மணிக்கு வாசலில் பக்கத்துப் போர்ஷன் குழந்தையோடு இருப்பது என்று வைத்து, தங்கையின் போனை அவர் கூப்பிடும் நேரத்துக்கு மாற்றினோம். அம்மாவை மறக்கடிக்கும் முயற்சியாக அது ஆகிவிடக் கூடாது. நாலாவது வாரத்தில், அம்மா வெள்ளிதோறும் போன திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு மகளோடு போய்வரத் திட்டமிட்டோம். புது வண்ணாரப்பேட்டையிலிருந்து தேரடிக்கு மெட்ரோவிலேயே போகலாம். அங்கே அழுதார், வந்து இரவு 5 என்று எழுதினார். துக்கத்தை ஒதுக்கி வாழ்வதும் ஒதுங்குதல்தான்.

புதியவர்கள் எளிதில் ஏமாறும் ஓர் இடம் உண்டு. மூன்றாவது வாரத்தில் அக்காவின் நோட்டு வேலையால் நிறைந்திருந்தது. பரண் சுத்தம், பாத்திரம் தேய்ப்பு, திரைச்சீலை துவைப்பு. பார்க்க நல்ல முன்னேற்றம். ஆனால் பையில் ஒரு துணியும் குறையவில்லை, பாரம் 7லேயே நின்றது. துடைப்பம் பாயின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒரு செய்கை எந்த வகை என்று அதன் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு கதவு திறக்கிறதா, மூடியே இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கீரை ஆய்ந்துகொண்டே அம்மாவின் கடைசி நாளை மனசுக்குள் சுற்றிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். அப்போது கையில் இருப்பதற்குக் கவனத்தைத் திருப்பப் பழக்குங்கள்: எந்தக் கீரை, ஈரமா காய்ந்ததா, பக்கத்தில் யார் பேசுகிறார்கள்.

குடும்பத்தாரைக் காவல் வைக்காதீர்கள். "நோட்டுல எழுதுனியா?" என்று கணவர் கேட்க ஆரம்பித்தால் அன்றோடு நோட்டு பொய்யாகிவிடும். அவருக்கு நாங்கள் கொடுத்த வேலை ஒன்றுதான்: டியூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குக் கூட்டிப்போவது.

அக்காவின் பி.எச்.க்யூ.-9 இரண்டாவது வாரம் 16, நாலாவது வாரம் 13, எட்டாவது வாரம் 8. ஒன்பதாவது கேள்வி ஐந்தாவது வாரத்திலிருந்து 0. எல்லோருக்கும் இப்படி இறங்காது. வேலைகள் நடந்தும் நாலைந்து வாரத்தில் மதிப்பெண் அசையவில்லையென்றால் ஷெட்யூலை இன்னும் கனமாக்க வேண்டாம். மேற்பார்வையாளரிடம் நோட்டையே எடுத்துப் போங்கள். நாம் பிடித்த சுழல் தவறாக இருக்கலாம், குடி, கடன், வன்முறை போல ஒன்று சொல்லப்படாமல் இருக்கலாம், மருந்து தேவைப்படலாம். எழுந்து சாப்பிடவும் பேசவும் முடியாத அளவுக்கு உடலே மந்தமாகிவிட்டவருக்கும், காதில் குரல் கேட்பவருக்கும் மனநல மருத்துவர்தான் முதலில்.

கடைசி இரண்டு அமர்வுகளைப் பதினைந்து நாள் இடைவெளியில் வைத்தோம். அவற்றில் ஷெட்யூலை அக்காவே போட்டார். மீண்டும் சறுக்கினால் முதல் அடையாளம் எதுவாக இருக்கும் என்று கேட்டதற்கு யோசிக்காமல் சொன்னார்: "கதவு தட்டினா திறக்க மாட்டேன்." அதை நோட்டின் பின் அட்டையில் எழுதி, அப்படி இரண்டு நாள் தொடர்ந்தால் செய்ய வேண்டியவற்றை அதன் கீழே அவர் கையாலேயே எழுதச் சொன்னோம்: பாயைப் பரணில் போடுவது, எட்டே முக்காலுக்கு வாசற்படி, தங்கைக்குப் போன், ஒரு வாரம் பார்த்தும் சரியாகவில்லையென்றால் கிளினிக்.